ஒரே பலகையில் தமிழும் ஆங்கிலமும்: எது மேலே, எது எவ்வளவு பெரிதாக

கடைப் பெயர்ப்பலகை வடிவமைக்கிறவர்கள் பலரும் கணினியில் முதலில் செய்வது இதுதான்: மேல் வரியில் தமிழ்ப் பெயரைத் தட்டி, கீழ் வரியில் ஆங்கிலப் பெயரைத் தட்டி, இரண்டையும் இழுத்து பலகையின் அகலத்துக்குச் சமமாக நிரப்பிவிடுவது. திரையில் பார்க்க அழகாகத்தான் இருக்கும். இரண்டு வரியும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடியும். பலகையை மாட்டிவிட்டுத் தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்றால் கண்ணில் முதலில் விழுவது ஆங்கிலம். தமிழ் மேலே இருந்தும் சின்னதாகத் தெரியும். நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் இப்படிப் பல பலகைகள் செய்து கொடுத்தேன். எங்கே தப்பு நடக்கிறது என்று புரிய எனக்கு வெகுகாலம் ஆனது. அளவுகோலை எடுத்து எழுத்து எழுத்தாக அளந்த பிறகுதான் புரிந்தது.

தமிழ்நாட்டில் ஒரு கடைக்குத் தமிழ், ஆங்கிலம் இரண்டும் உள்ள பலகை செய்யும்போது வரிசையையும் அளவையும் எப்படி முடிவு செய்வது என்பதைக் கடைசி வரை கணக்கோடு சொல்கிறேன். எடுத்துக்காட்டுக்கு ஒரு மருந்துக் கடை. பெயர் 'பொன்னி மருந்தகம்' என்று வைத்துக்கொள்வோம். கீழே ஆங்கிலத்தில் 'பொன்னி பார்மசி', முழுவதும் பெரிய எழுத்தில். பலகை 12 அடி அகலம், 3 அடி உயரம். ஷட்டருக்கு மேலே மாட்டுவதற்கு இது வழக்கமான அளவு.

விதி என்ன சொல்கிறது

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் விதிகள், 1948 என்பதில் 15-ஆவது விதி பெயர்ப்பலகை பற்றியது. பெயர்ப்பலகை தமிழில் இருக்க வேண்டும். வேறு மொழியும் சேர்ந்தால் அது தமிழுக்குக் கீழே வர வேண்டும். தமிழுக்கு மற்ற மொழிகளைவிட அதிக இடம் கொடுத்து, அது முதன்மையாகத் தெரியும்படி எழுத வேண்டும். இதை நடைமுறைப்படுத்தும்போது அரசுத் தரப்பில் சொல்லப்படும் விகிதம் 5:3:2. அதாவது தமிழுக்கு ஐந்து பங்கு, ஆங்கிலத்துக்கு மூன்று, வேறொரு மொழி இருந்தால் அதற்கு இரண்டு.

வரிசைக் கேள்வி இதிலேயே முடிந்துவிடுகிறது. தமிழ் மேலே, ஆங்கிலம் கீழே. 'இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் ஆங்கிலம் என்று பக்கத்துப் பக்கத்தில் போடலாமா' என்று நீளமான பலகை வைத்திருக்கிறவர்கள் கேட்பார்கள். விதி 'கீழே' என்று சொல்வதால் நான் அப்படிச் செய்வதில்லை. விதியை விட்டுவிட்டுப் பார்த்தாலும் அந்த அமைப்பு சரிவராது. பக்கத்துப் பக்கத்தில் வைக்கும்போது இரண்டும் ஒரே கோட்டில் நிற்கும், ஒரே உயரத்தில் வைத்தால்தான் ஒழுங்காகத் தெரியும். அளவில் வித்தியாசம் காட்டினால் ஏதோ தவறிப்போன மாதிரி இருக்கும். மேலும் கீழுமாக வைத்தால்தான் அளவு வித்தியாசம் இயல்பாக உட்காரும்.

ஆனால் 5:3 என்பது எதை அளந்து சொல்லும் விகிதம்? எழுத்தின் உயரத்தையா, வரி பிடிக்கும் பட்டையையா, மொத்தப் பரப்பையா? இங்கேதான் வேலை இருக்கிறது. எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே பலகை விதிக்குள் இருப்பதாகவும் தோன்றும், மீறுவதாகவும் தோன்றும்.

முதல் படி: 'ப'-வை அளப்பது

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவு கிடையாது. எல்லா எழுத்துக்கும் ஒரு நடு உடம்பு இருக்கிறது. அதற்கு மேலே புள்ளியும் 'னி'-யில் வரும் மேல்விலங்கும் ஏறும். கீழே 'ரு'-வின் கால், 'த', 'ந' போன்றவற்றின் வால் இறங்கும். உடம்பு மட்டும் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் 'ப'-வைப் பாருங்கள். மேலேயும் ஏறாது, கீழேயும் இறங்காது, நான்கு மூலையும் தெளிவாக இருக்கும். ஆங்கிலப் பெரிய எழுத்தில் அதே வேலைக்கு H.

கோரல்டிராவில் செய்வதானால், நீங்கள் பயன்படுத்தப் போகும் எழுத்துருவில், போடப் போகும் பாயிண்ட் அளவில் ஒரு 'ப' தட்டுங்கள். அதைத் தேர்ந்தெடுத்து `Ctrl+Q` அழுத்தினால் எழுத்து வெறும் கோட்டு வடிவமாக மாறும். இப்போது மேலே உள்ள பட்டியில் காட்டுவது எழுத்தின் உண்மையான உயரம். ஆங்கில வரிக்கான எழுத்துருவில் ஒரு H தட்டி அதையும் இப்படியே அளந்து கொள்ளுங்கள்.

இதை ஒரு தடவை செய்து பார்த்தால் பாயிண்ட் அளவை நம்பக்கூடாது என்று புரிந்துவிடும். தமிழ் 400 பாயிண்ட், ஆங்கிலம் 400 பாயிண்ட் என்று வைத்தால் இரண்டும் சமம் என்று தோன்றும். அளந்து பார்த்தால் பெரும்பாலான எழுத்துருக்களில் H உயரமாக இருக்கும், 'ப' குட்டையாக இருக்கும். எழுத்துருவை உருவாக்குகிறவர் மேலே ஏறுவதற்கும் கீழே இறங்குவதற்கும் இடம் விட வேண்டும் என்பதால் நடு உடம்பைச் சுருக்கித்தான் வைக்க முடியும்.

வரியின் மொத்த உயரத்தை அளப்பது இதைவிட ஆபத்து. ஒரு தடவை ஒரு டிசைனர் என்னிடம் 'தமிழ் 12 அங்குலம், ஆங்கிலம் 7.2 அங்குலம், சரியாக 5:3' என்று காட்டினார். பெருக்கிப் பார்த்தால் விகிதம் சரிதான். ஆனால் அவருடைய 12 அங்குலம் மேல்விலங்கின் உச்சியிலிருந்து 'ரு'-வின் கால் நுனி வரைக்குமான உயரம். நான் அளந்த தடித்த எழுத்துருக்களில் மேலே ஏறும் பகுதி 'ப' உயரத்தில் கிட்டத்தட்ட 0.45 பங்கு, கீழே இறங்கும் பகுதி 0.35 பங்கு. ஆக மொத்த வரி 'ப'-வைப் போல 1.8 மடங்கு. 12-ஐ 1.8-ஆல் வகுத்தால் 'ப'-வின் உயரம் 6.7 அங்குலம்தான் வருகிறது. ஆங்கிலம் 7.2. உடம்பை வைத்துப் பார்த்தால் ஆங்கிலம்தான் பெரிது! அவர் ஏமாற்ற நினைக்கவில்லை. திரை காட்டிய எண்ணை அப்படியே நம்பினார், அவ்வளவுதான்.

உங்கள் எழுத்துருவில் 1.8 என்பது 1.6 ஆகவோ 1.9 ஆகவோ இருக்கலாம். பலகையில் வரப்போகும் அதே பெயரைத் தட்டி அளந்து கொள்ளுங்கள். 'கடல்' என்று மட்டும் பெயர் இருந்தால் கீழே எதுவும் இறங்காது, கணக்கு லேசாகும். 'மீனாட்சி பூ அங்காடி' என்றால் இரண்டு பக்கமும் இடம் வேண்டும்.

இரண்டாம் படி: அகலத்தைத் தமிழை வைத்து முடிவு செய்வது

நம் எடுத்துக்காட்டுக்கு வருவோம். 'பொன்னி மருந்தகம்' என்ற வரியை ஒரு தடித்த எழுத்துருவில் தட்டி, நீளத்தை 'ப' உயரத்தால் வகுத்தேன். 15.7 வந்தது. 'ப' ஓர் அங்குலம் என்றால் வரி 15.7 அங்குலம் ஓடும் என்று அர்த்தம். 'பொ' என்ற ஓர் எழுத்துக்கே கொம்பு, 'ப', துணைக்கால் என்று மூன்று துண்டு. 'ன்', 'னி' இரண்டும் அகலமானவை. ஆங்கில வரியை அப்படியே H உயரத்தால் வகுத்தால் 10.2 தான் வருகிறது. எழுத்து எண்ணிக்கை ஆங்கிலத்தில்தான் அதிகம். ஆனாலும் தமிழ் ஒன்றரை மடங்கு நீளம்.

பலகை அகலம் 144 அங்குலம். இரண்டு ஓரத்திலும் 6 அங்குலம் விட்டால் 132. இப்போது தொடக்கத்தில் சொன்ன அந்தப் பழக்கத்தைச் செய்து பாருங்கள். இரண்டு வரியையும் 132-க்கு நிரப்பினால் தமிழின் 'ப' 8.4 அங்குலம், ஆங்கிலத்தின் H 13 அங்குலம். பலகை உயரத்துக்குள் அடங்கியும்விடும்: தமிழ் வரி மொத்தம் 15.1, ஆங்கிலம் 13, இடைவெளியும் ஓரமும் சேர்த்து 36. எல்லாம் கச்சிதமாகப் பொருந்துவதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. ஆங்கிலப் பெயர் தமிழைவிட நீளம் குறைவாக இருக்கும் ஒவ்வொரு பலகையிலும் இந்த அகல நிரப்பல் ஆங்கிலத்தைப் பெரிதாக்கிவிடும். அதனால் நான் வைத்திருக்கும் ஒழுங்கு: தமிழ் வரிதான் அகலத்தை நிரப்பும், ஆங்கில வரி எவ்வளவு தூரம் ஓடுகிறதோ அவ்வளவு ஓடட்டும்.

தமிழ் அடங்கவில்லை என்று எழுத்தைப் பக்கவாட்டில் நெருக்குகிற பழக்கமும் உண்டு. உயரம் அப்படியே இருக்கும், அகலம் எழுபது சதவீதம் ஆகிவிடும். இதைச் செய்யவே செய்யாதீர்கள். மூன்று சுழி 'ண'-வும் இரண்டு சுழி 'ன'-வும் தூரத்திலிருந்து ஒன்றாகிவிடுவது இந்த நெருக்கலால்தான். வட்டச் சுழி முட்டை வடிவமாகும், செங்குத்துக் கோடுகள் மெலியும், படுக்கைக் கோடுகள் மெலியாததால் தடித்துத் தெரியும். இடம் போதவில்லை என்றால் 'ப' உயரத்தைக் குறைத்து, ஆங்கிலத்தையும் அதே விகிதத்தில் குறையுங்கள். அல்லது சொல்லைக் குறையுங்கள். 'அண்டு கோ', 'பிரைவேட் லிமிடெட்' மாதிரியான ஒட்டுகளைப் பெயர் வரியிலேயே பெரிதாகப் போட வேண்டியதில்லை. ஓரத்தில் சின்னதாகப் போட்டால் போதும்.

சொல் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 'பொன்னி பார்மசி' என்றே தமிழ் எழுத்தில் போட்டால் வரி கொஞ்சம் சுருங்கும். ஆனாலும் 'மருந்தகம்' என்றுதான் நான் போடச் சொல்வேன். மேல் வரி கீழ் வரியின் ஒலியைத் திரும்பச் சொன்னால், ஆங்கிலம் தெரியாமல் தமிழை மட்டும் படிக்கிற பெரியவருக்கு அது மருந்துக் கடை என்று அந்த வரி சொல்லவில்லை. அப்புறம் அந்த வரி எவ்வளவு பெரிதாக இருந்து என்ன பயன்?

மூன்றாம் படி: உயரத்தை எட்டாகப் பிரிப்பது

இரண்டு மொழி மட்டும் என்றால் 5-ம் 3-ம் சேர்த்து எட்டுப் பங்கு. 36 அங்குலத்தை எட்டால் வகுத்தால் ஒரு பங்கு 4.5. தமிழ்ப் பட்டை 22.5 அங்குலம், ஆங்கிலப் பட்டை 13.5 அங்குலம். ஓரமும் இடைவெளியும் இந்தப் பட்டைகளுக்குள்ளேயே வந்துவிட வேண்டும். இந்தி போல மூன்றாவது மொழி சேர்ந்தால் பத்துப் பங்காகப் பிரித்து மிச்ச இரண்டை அதற்குக் கொடுங்கள். அந்த மொழி கடைசி வரியில் வரும்.

இப்போது எழுத்தின் உயரம். அகலம் 8.4 வரை இடம் தந்தது. நான் 8 என்று வைக்கிறேன், ஓரம் தாராளமாக இருக்கும். 8 × 15.7 என்றால் வரி கிட்டத்தட்ட 126 அங்குலம், இரு பக்கமும் 9 அங்குலம் சும்மா இருக்கும். வரியின் மொத்த உயரம் 8 × 1.8 = 14.4. தமிழ்ப் பட்டைக்குள் இது எளிதாக அடங்கும்.

ஆங்கிலத்தின் H உயரம் 8-இல் ஐந்தில் மூன்று, அதாவது 4.8 அங்குலம். வரி நீளம் 49 அங்குலம், சுமார் நான்கு அடி. இங்கே கடைக்காரர் முகம் சுளிப்பார். '12 அடி பலகையில் இங்கிலீஷ் நாலு அடிதானா?' என்பார். பரப்பை மட்டும் கணக்கில் எடுத்தால் ஆங்கிலத்தை இன்னும் பெரிதாக்கலாம் என்றும் யாராவது சொல்வார்கள். அது கணக்குப்படி உண்மைதான். தமிழ் வரி 126 × 8, அதாவது ஏறக்குறைய 1,000 சதுர அங்குலம். அதில் ஐந்தில் மூன்று 600. ஆங்கிலம் 600 சதுர அங்குலத்தை நிரப்ப வேண்டுமானால் H 7.7 அங்குலம் வரை போகலாம். ஆனால் 8 அங்குல 'ப'-வுக்குக் கீழே 7.7 அங்குல H நின்றால் யார் கண்ணுக்கும் இரண்டும் சமமாகத்தான் தெரியும். தமிழ் முதன்மையாகத் தெரியாது. ஆங்கிலப் பெரிய எழுத்துகள் ஒரே உயரத்தில் செங்கல் அடுக்கிய மாதிரி நிற்பதால் இன்னும் கனமாகவே தோன்றும். அதனால்தான் பட்டை, பரப்பு, எழுத்தின் உயரம் என்ற மூன்றில் உயரத்தையே நான் கடைசி அளவுகோலாக எடுத்துக்கொள்கிறேன். 'ப'-வுக்கும் H-க்கும் 5:3 இருந்தால் மற்ற இரண்டும் தானாகவே விதிக்குள் வந்துவிடும்.

ஆங்கிலத்தை முதல் எழுத்து மட்டும் பெரிதாக, மற்றவை சின்ன எழுத்தாகப் போடுவதானால் கொஞ்சம் தளர்வு உண்டு. சின்ன எழுத்தின் உடம்பு H-ஐவிடக் குட்டை என்பதால் H-ஐ 5.5 அங்குலம் வரை ஏற்றலாம். கண்ணுக்குத் தமிழ்தான் பெரிதாகத் தெரியும்.

நான்காம் படி: வரியை உட்கார வைப்பது

மேலிருந்து 4 அங்குலம் விட்டு மேல்விலங்கின் உச்சியைத் தொடங்குங்கள். 'ப'-வின் தலை 7.6-இல் வரும், அடி 15.6-இல் வரும், 'ரு'-வின் கால் 18.4-இல் முடியும். அங்கிருந்து 'ப' உயரத்தில் பாதி, அதாவது 4 அங்குலம் விட்டு ஆங்கிலத்தைத் தொடங்கினால் 22.4. ஆங்கிலப் பட்டை 22.5-இல் தொடங்குகிறது, ஆங்கிலத்தையும் அங்கேயே தொடங்கிவிடலாம். கோடு போட்ட மாதிரி பொருந்திவிட்டது.

இந்தப் பாதி உயர இடைவெளியைக் காலின் நுனியிலிருந்துதான் அளக்க வேண்டும், 'ப'-வின் அடியிலிருந்து அல்ல. ஆங்கில வரி நடுவில் உட்காரும்போது 'னி'-யும் 'மரு'-வும் நேர் மேலே வருகின்றன. 'ப'-வின் அடியிலிருந்து 3 அங்குலம்தான் விட்டிருந்தால் 'ரு'-வின் கால் ஆங்கில எழுத்துகளை உரசிக்கொண்டு நிற்கும். அப்படி உரசும்போது சிலர் காலை வெட்டிக் குட்டையாக்குவார்கள், புள்ளியை உடம்போடு நெருக்கிச் சின்னதாக்குவார்கள். புள்ளி சின்னதானால் 'ந்த' தூரத்தில் 'நத' ஆகிவிடும். எதையாவது குறைக்க வேண்டும் என்றால் ஆங்கிலத்தைக் குறையுங்கள், புள்ளியைத் தொடாதீர்கள்.

ஆங்கிலம் 27.3-இல் முடிகிறது. கீழே 8.7 அங்குலம் மிச்சம். 'ப' 2 அங்குலம் வைத்து ஒரு வரி, உதாரணமாக முகவரியும் தொலைபேசி எண்ணும், தமிழில் போடலாம். அதற்கு மேல் எதுவும் வேண்டாம். மருந்து, மாத்திரை, குழந்தை உணவு, சத்து மாவு என்று பட்டியல் போட ஆரம்பித்தால் பெயர்ப்பலகை துண்டுப் பிரசுரமாகிவிடும்.

நீளமான, உயரம் குறைந்த பலகையில் கணக்கு தலைகீழாகும். 20 அடிக்கு 2 அடி என்றால் தமிழ்ப் பட்டை 15 அங்குலம், ஆங்கிலப் பட்டை 9. மேலும் கீழும் அங்குலம் அங்குலமாக விட்டால் தமிழ் வரிக்கு 13 அங்குலம், 'ப' 7 அங்குலம். வரி 110 அங்குலம்தான் ஓடும், பலகையோ 240. இரு பக்கமும் காலியாகக் கிடப்பது கடைக்காரர் கண்ணை உறுத்தும். உறுத்தட்டும். அந்தக் காலி இடத்தால்தான் பெயர் தனியாகத் தெரியும். நிரப்ப ஆசைப்பட்டு எழுத்தைப் பக்கவாட்டில் இழுத்தால் நெருக்கியதைப் போலவே கெடும்.

ஐந்தாம் படி: தடிமன்

உயரம் சரியாக இருந்தும் தமிழ் பின்தங்குகிறது என்றால் காரணம் பெரும்பாலும் கோட்டின் தடிமன். கணினியோடு வந்த சாதாரண எடைத் தமிழ் எழுத்துருவுக்குக் கீழே மிகத் தடித்த ஆங்கில எழுத்துருவைப் போட்டிருப்பார்கள். கோடு மெலிந்த 8 அங்குல எழுத்தைவிடக் கோடு தடித்த 4.8 அங்குல எழுத்து முன்னால் வந்து நிற்கும்.

தமிழுக்கு 'ப' உயரத்தில் ஆறில் ஒரு பங்கு அல்லது ஏழில் ஒரு பங்கு தடிமன் வையுங்கள். 8 அங்குலத்துக்கு 1.2 அங்குலம் போலச் சரியாக இருக்கும். இதற்கு மேல் தடித்தால் 'ண', 'ஞ' மாதிரி எழுத்துகளின் சுழிக்குள் இருக்கும் ஓட்டை அடைபட்டுவிடும். ஆங்கிலத்தில் ஐந்தில் ஒரு பங்கு வரை போகலாம், அதற்கு அடைபடுகிற சுழி குறைவு. 4.8-இல் ஐந்தில் ஒன்று 0.96 அங்குலம். ஆக அங்குலக் கணக்கில் தமிழ்க் கோடு ஆங்கிலக் கோட்டைவிடத் தடித்தே நிற்கும். அப்படி நிற்கிறதா என்பதைத்தான் சரிபார்க்க வேண்டும்.

பல எடைகளில் கிடைக்கும் தமிழ் எழுத்துருவை எடுத்தால் இந்த வேலை எளிது. Mukta Malar, Catamaran இரண்டிலும் மெலிந்தது முதல் தடித்தது வரை உண்டு, ஆங்கில எழுத்துகளும் அதே கையில் வரும். தமிழை ஒரு படி தடித்த எடையிலும் ஆங்கிலத்தை ஒரு படி மெலிந்த எடையிலும் வைத்துப் பாருங்கள். தடித்த எடை இல்லாத எழுத்துருவுக்கு வெளிக்கோடு கொடுத்துத் தடிமனாக்குவதை நான் தவிர்த்துவிடுவேன். அது சுழிக்கு உள்ளேயும் வீங்கும்.

நிறத்தைப் பற்றி ஒரே வார்த்தை. சிவப்புப் பின்னணியில் தமிழை மஞ்சளிலும் ஆங்கிலத்தை வெள்ளையிலும் போட்டால் வெள்ளைதான் எடுப்பாகத் தெரியும். இரண்டுக்கும் ஒரே நிறம் கொடுங்கள், அல்லது பின்னணியோடு அதிகம் வேறுபடும் நிறத்தைத் தமிழுக்குக் கொடுங்கள்.

லோகோதான் பலருக்கும் சிக்கல். நிறுவனத்தின் லோகோவிலேயே ஆங்கிலப் பெயர் இருக்கும். அதைப் பலகையின் இடது ஓரத்தில் மேலிருந்து கீழ் வரை முழு உயரத்துக்கு நிறுத்துவார்கள். அப்புறம் தமிழ், ஆங்கில வரிகளை எவ்வளவு கவனமாக அளந்தும் பயனில்லை. லோகோவில் இருக்கும் எழுத்தையும் ஆங்கிலக் கணக்கில் சேருங்கள். அதன் H உயரமும் அந்த 4.8-ஐத் தாண்டக்கூடாது. எழுத்தில்லாத படம் மட்டும் என்றால் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம்.

அச்சுக்கு முன்: நான்கு அடியில் ஒரு சோதனை

திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 12 அடிப் பலகையைப் பதினாறில் ஒரு பங்காகச் சுருக்கினால் 9 அங்குலத்துக்கு 2.25 அங்குலம். ஒரு ஏ4 தாளில் படுக்கையாக அடித்துவிடலாம். 'ப' அரை அங்குலம், H 0.3 அங்குலம் வரும். தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு 4 அடி தள்ளி நில்லுங்கள். 64 அடி தூரத்திலிருந்து பலகையைப் பார்ப்பதும் இதுவும் ஒன்று. நடுத்தரமான ஒரு கடைத்தெருவில் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்பதற்கு இது போதும்.

கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். எந்த வரி கடைசி வரை மறையாமல் நிற்கிறது? அது தமிழாக இருக்க வேண்டும். அப்புறம் கடைப் பெயர் தெரியாத ஒருவரைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். 'பொன்னி'-யைப் 'பொண்ணி' என்று படித்தால் தடிமனைக் குறைக்க வேண்டும். 'மருந்தகம்' என்பதில் தடுமாறினால் புள்ளியைப் பெரிதாக்க வேண்டும்.

பலகைத் தொழிலில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு, ஆங்கில எழுத்தின் ஓர் அங்குல உயரத்துக்கு 10 அடி தூரம் வசதியாகப் படிக்கலாம் என்பது. 4.8 அங்குலம் என்றால் 48 அடி. தமிழில் அதே உடம்புக்குள் சுழியும் வளைவும் அதிகம் என்பதால் அங்குலத்துக்கு 8 அடி என்றுதான் நான் போட்டுக்கொள்கிறேன். 8 அங்குல 'ப'-வுக்கு 64 அடி. இந்தக் கணக்கைக் கடைக்காரரிடம் சொல்லும்போது அவர் சமாதானமாவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தமிழை ஆங்கிலத்தின் அளவுக்கே வைத்தால் தமிழ் முன்னதாகவே கலங்கிவிடும். தமிழைப் பெரிதாக வைக்கச் சொல்வதற்கு விதியைத் தவிர இப்படிக் கண்ணின் காரணமும் இருக்கிறது.

சோதனை முடிந்ததும் கோப்பை அனுப்பும் முன் எல்லா எழுத்தையும் `Ctrl+Q` அழுத்திக் கோட்டு வடிவமாக மாற்றிவிடுங்கள். அச்சகத்தின் கணினியில் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டால் வேறு எழுத்துரு ஏறி நீங்கள் அளந்த உயரம் முழுக்க மாறிவிடும். 'பொ'-வின் கொம்பு இடம் மாறி நிற்பதும் இதனால்தான்.

வெட்டி ஒட்டும் எழுத்தாக இருந்தால்

ஃப்ளெக்ஸ் என்றால் கதை இங்கே முடிந்தது. ஏசிபி ஷீட் மேல் அக்ரிலிக் எழுத்து ஒட்டி உள்ளே எல்இடி போடும் பலகைக்கு இன்னும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும்.

ஒன்று, புள்ளி. ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஒவ்வொன்றும் ஒரே துண்டு. தமிழில் 'ன்' என்பது இரண்டு துண்டு. 'பொன்னி மருந்தகம்' என்பதில் மூன்று புள்ளிகள் தனியாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் தனியாகத் துளையும் வயரும் வேண்டும். செலவைக் குறைக்கப் புள்ளியை வெறும் பசையில் ஒட்டி, உள்ளே விளக்கு வைக்காமல் விட்டுவிடுவார்கள். ராத்திரியில் 'பொனனி மருநதகம' என்று எரியும். ஒரு மழைக்காலம் போனால் புள்ளியே விழுந்துவிடும். புள்ளியின் குறுக்களவு தமிழ்க் கோட்டின் தடிமனைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தால் எல்இடி உள்ளே அடங்கும், திருகு போடவும் இடம் இருக்கும். நம் கணக்கில் 1.5 அங்குலம் வையுங்கள்.

இரண்டு, வெளிச்சம். பகலில் 5:3 ஆக இருந்த பலகை இரவில் வேறு மாதிரி ஆகிவிடும். ஆங்கிலத்துக்கு மட்டும் உள்ளே விளக்கு, தமிழுக்குப் பெயிண்ட் என்று செய்த பலகைகள் ஏராளம். இரண்டுக்கும் விளக்கு இருந்தாலும் குட்டை எழுத்தில் எல்இடி நெருக்கமாக அமையும், அதனால் ஆங்கிலம் பளிச்சென்று தெரியும். மாட்டிய அன்று ராத்திரி எதிர்ப்பக்கம் நின்று பாருங்கள். கீழ் வரி மேல் வரியைவிடப் பிரகாசமாக இருந்தால், ஆங்கில எழுத்துக்குள் இருக்கும் எல்இடிகளில் சிலவற்றைக் கழற்றி இடைவெளியைக் கூட்டச் சொல்லுங்கள். ஏணி இன்னும் சாய்ந்தே இருக்கும்போது சொல்லிவிட்டால் அரை மணி நேர வேலை.